கையிருப்பில் கூடிய நாற்பத்திரண்டு ரூபாய்

யுத்தம் முடிந்த மறுவருஷம் சித்திரையில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா நடந்தது. அந்தக் கொடைக்கு என் வீட்டுக்காரர்தான் பொருளாளர். கொடை முடிந்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை பகலில், கருப்பட்டி மண்டியில் உடன்குடிச் சரக்கை நிறுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓலைக் கொட்டான்களின் மேல் சாய்ந்தார். வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை. அவருக்கு முப்பத்தாறு வயது. எனக்கு இருபத்தெட்டு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

நான் அழவில்லை. அழாமல் இருக்க வேண்டும் என்று நினைத்து இருந்ததல்ல, வரவில்லை. சுற்றி உட்கார்ந்து பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி என் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுளா, அழுதாத்தான் ஆறும்" என்றாள். பின்னால் இன்னொருத்தி, "கல்லாட்டம்லா இருக்கா" என்று சொன்னதும் காதில் விழுந்தது. ஆமாம், அப்படித்தான் இருந்தேன். சோறு போட்டால் தின்றேன். படுக்கச் சொன்னால் படுத்தேன். வெயில் ஏறுவதும் இறங்குவதும் யாருடைய வீட்டிலோ நடப்பதுபோல இருந்தது.

எங்கள் கொடையில் பொருளாளர் வேலை எப்படி என்று சொல்ல வேண்டும். தெருவில் வீட்டுக்கு இவ்வளவு என்று கமிட்டியார் வரி வைப்பார்கள். அதற்கு மேல் கொடுப்பது நன்கொடை. எது கொடுத்தாலும் ரசீது உண்டு. ரசீதுப் புத்தகத்தில் ஒவ்வொரு தாளிலும் வரிசை எண் அச்சடித்திருக்கும். தாளுக்கு இரண்டு பாகம். வலது பாகத்தைக் கிழித்துப் பணம் கொடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். இடது பாகம் அடிக்கட்டை. அது புத்தகத்திலேயே இருக்கும். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே தொகை, எழுத்தாலும் எண்ணாலும். கொடை முடிந்த எட்டாம் நாள் பூசையன்று அடிக்கட்டைகளைக் கூட்டி வரவு, செலவுச் சீட்டுகளைக் கூட்டிச் செலவு, மிச்சம் இருப்பு என்று கோயில் முன்னால் வாசிப்பார்கள். பிறகு அதை அச்சடித்துப் பணம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புவார்கள். அதில் எல்லோர் பெயரும் தொகையும் இருக்கும். தன் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்காதவர் எங்கள் தெருவில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கையெழுத்து கோழி கிண்டியதுபோல இருக்கும். நான் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். அதனால் ரசீதுகளை நான்தான் எழுதினேன். பகலில் அவர் வசூல் செய்து வந்து பெயரையும் தொகையையும் சொல்லுவார். நான் இரண்டு பாகத்திலும் எழுதுவேன். அவர் கையெழுத்துப் போட்டுக் கோயில் முத்திரை குத்துவார். மறுநாள் போகிற வழியில் கொடுத்துவிடுவார். இது தெருவுக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தெரியும்.

எட்டாம் நாள் பூசை எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு நடுவில் வந்துபோயிற்று. கணக்கு வாசிக்கவில்லை. பணமும் புத்தகங்களும் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தன. அதை வந்து கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, தாலி இறங்கி, வெள்ளைச் சேலை கட்டி உட்கார்ந்த பிறகு நானே என் கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். அவர் உப்புக் கம்பெனியில் வேலை பார்த்தார். அண்ணன்மேல் உயிர்.

"கமிட்டியாரை வரச் சொல்லுங்க. பெட்டியை அவங்க முன்னால திறக்கணும்" என்றேன்.

"இப்ப என்ன அவசரம் மதினி? அவுகளே ஒண்ணும் கேக்கல."

"கேக்க மாட்டாங்க. அதான் நாமளே கூப்பிடணும்."

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தலைவர், பலசரக்குக்கடைக்காரர், என் வீட்டுக்காரரைப் பொருளாளராக்கியதே அவர்தான். இன்னொருவர் கமிட்டி உறுப்பினர். பாத்திரக்கடை வைத்திருந்தார், பேச்சில் எப்போதும் ஒரு முள் இருக்கும். அவர்கள் முன்கட்டில் பாயில் உட்கார்ந்தார்கள். நான் நடைக்கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கொழுந்தனார் பெட்டியைத் திறந்து புத்தகங்களை அவர்கள் கையில் கொடுத்தார்.

அடிக்கட்டைகளைக் கூட்டினார்கள். எண்ணூற்று நாற்பத்தாறு ரூபாய் எட்டணா. செலவுச் சீட்டுகளைக் கூட்டினார்கள். பந்தல், மேளம், வில்லுப்பாட்டு, கேஸ்லைட் வாடகை, பூ, ஆடு, பூசாரி தட்சணை எல்லாம் சேர்ந்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று நாலணா. மிச்சம் ஐம்பத்தைந்து நாலணா இருக்க வேண்டும். பணத்தை எண்ணினார்கள். தொண்ணூற்றேழு நாலணா இருந்தது.

மறுபடியும் எண்ணினார்கள். அதேதான். நாற்பத்திரண்டு ரூபாய் கூடுதல்.

தலைவர் நடைக்கதவுப் பக்கம் திரும்பினார்.

"தாயீ, குறைஞ்சாத்தான் கவலைப்படணும். கூடிருக்கு. அது அவரு சொந்தப் பணமா இருக்கும். சம்பளத்தை இதுலயே போட்டு வச்சிருப்பாரு. எடுத்து வச்சுக்கிடுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மண்டியில் என் வீட்டுக்காரருக்கு மாசச் சம்பளமே நாற்பது ரூபாய்தான். ஆனால் சம்பளத்தை அவர் ஒன்றாம் தேதியே என் கையில் கொடுத்துவிட்டார். அதில் மிச்சம் அரிசிப்பானைக்குள் இருந்தது. எனக்குத் தெரியாமல் வேறு பணம் அவரிடம் இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்துப் பார்க்கவும் மனதில் ஒரு பிடிமானம் இல்லை. வீட்டு வாடகை பாக்கி இருந்தது. கூப்பன் அரிசி வாங்கவும் காசு வேண்டும். இதெல்லாம் தெரிந்தும், அந்தப் பணத்தைப் பற்றி எனக்கு ஆசையும் வரவில்லை, பயமும் வரவில்லை.

பாத்திரக்கடைக்காரர் சொன்னார்: "வச்சுக்கிடட்டும், வேண்டாங்கல. ஆனா ஒண்ணு. கூடுதல் வருதுன்னா ரசீது போடாம வாங்கிருக்காருன்னுதான அர்த்தம்? இன்னைக்கு நாப்பத்திரெண்டு கூடுது. நாளைக்கு ஒருத்தன் வந்து, நான் அம்பது குடுத்தேன், எம் பேரு எங்கேம்பான். என்ன பதில் சொல்லதுக்கு?"

"செத்தவரைப் பத்தி அப்படிப் பேசாதீரும்" என்றார் தலைவர்.

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? கணக்கைத்தான சொல்லுதேன்."

என் கொழுந்தனார் எழுந்துவிட்டார். முகம் எனக்குத் தெரியவில்லை. அவர் கால் பாத்திரக்கடைக்காரர் பக்கம் ஒரு எட்டு வைப்பது மட்டும் கதவிடுக்கில் தெரிந்தது. நான் உள்ளேயிருந்து பேசினேன். அத்தனை நாளில் அவர்கள் கேட்க நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அவங்க சொல்லது சரிதான் அண்ணாச்சி. அந்தப் பணம் எனக்கு வேண்டாம். ரசீது போடாத பணம்னா, போட்டிருவோம். குடுத்தவங்க யாருன்னு கேளுங்க."

"எப்படித் தாயீ கேக்க? வீடு வீடாவா?"

"வாசிக்க வேண்டிய பட்டியலைக் கோயில் சுவர்ல ஒட்டுங்க. பேரு விட்டுப்போனவங்க சொல்லட்டும்."

அன்று ராத்திரியிலிருந்து பட்டியல் எழுத ஆரம்பித்தேன். மொத்தம் நூற்றுச் சொச்சம் பெயர்கள். எழுதும்போது கை மட்டும் வேலை செய்தது. ஒவ்வொரு அடிக்கட்டையிலும் மேலே என் எழுத்து, கீழே அவர் கையெழுத்து. அதைப் பார்த்தால் ஏதாவது செய்யும் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. மையின் நிறம் சில தாள்களில் வெளுத்திருந்தது. தண்ணீர் ஊற்றிக் கலக்கிய மை. அதைத்தான் கவனித்தேன். எழுதி முடித்துக் கொழுந்தனாரிடம் கொடுத்தேன். அவர் கொண்டுபோய் ஒட்டினார்.

ஒரு வாரம் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை.

தலைவர் சொல்லி அனுப்பினார்: இனி எதற்குக் காத்திருப்பது, 'பெயர் சொல்ல விரும்பாத அன்பர்கள்' என்று போட்டு நாற்பத்திரண்டையும் வரவு வைத்து அச்சுக்குக் கொடுத்துவிடலாம். கொழுந்தனாருக்கும் அது சரியென்று பட்டது.

"எல்லா ஊர் நோட்டீஸ்லயும் போடுதாவ மதினி. யாரு என்ன கேக்கப் போறா?"

"பேரு சொல்ல விரும்பலன்னு யாரு சொன்னா? நம்மகிட்ட யாரும் சொல்லலையே."

அவர் என்னைப் பார்த்தார். என்னைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு பொம்பிளை புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அழாமல், கத்தாமல், இப்படி ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அக்கா புளிக்குழம்பு கொண்டுவந்தாள். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. குழம்பை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவள், பேச்சுவாக்கில் சொன்னாள்:

"அந்தப் பட்டியலை எடுக்கச் சொல்லுளா. தெருவே பேசுது. எங்க வீட்டுல அவுககூட கொடையன்னிக்கு அஞ்சு ரூவா குடுத்தாவ. பேரு இல்லைன்னு பார்த்தாவ. போகட்டும்னு விட்டாச்சு."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஏன் விட்டிய?"

"என்னளா கேள்வி? தாலியறுத்து முழுசா ஒரு மாசம் ஆகல. உன் வாசல்ல வந்து ரசீது குடுன்னு நிக்கச் சொல்லுதியா? நாங்க என்ன அம்புட்டுக் கொடூரமானவுகளா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கொடுத்தவர்கள் இருந்தார்கள். எல்லோரும் என்மேல் இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இரக்கப்பட இரக்கப்பட அந்தப் பணம் யாருடையது என்று தெரியாமலே பெட்டியில் கிடந்தது. பாத்திரக்கடைக்காரர் சொன்னது தெருவில் இன்னும் இரண்டு வாய்க்குப் போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

"அக்கா, உங்க வீட்டுல அவங்க போகட்டும்னு விட்டா, அது எங்க வீட்டுல அவங்கமேல வந்து விழுது. ரசீது போடாம அஞ்சு ரூவா வாங்கி வச்சிருந்தாருன்னு ஆகுது. நீங்க விட வேண்டாம். வந்து கேளுங்க. இன்னும் யாரெல்லாம் இப்படி விட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

அக்கா வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அன்று மதியம் கொல்லை வழியாகப் பெண்கள் வந்தார்கள். பூக்காரி ஒருத்தி, இரண்டு ரூபாய் கொடுத்திருந்தாள். இட்லி விற்கிறவள், ஒரு ரூபாய். மாட்டுவண்டிக்காரர் சம்சாரம், மூன்று ரூபாய். கொடையன்று அம்மன் ஊர்வலம் தெருவில் வரும்போது என் வீட்டுக்காரர் கையில் புத்தகம் இல்லை. கூட்டத்தில் கொடுத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பிறகு ரசீது தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பிறகு மூன்று நாள்தான் இருந்தார். அந்த மூன்று நாளும் பந்தல்காரனுக்கும் மேளக்காரர்களுக்கும் பணம் பட்டுவாடா செய்வதிலேயே போயிற்று.

பூக்காரி என் காலடியில் உட்கார்ந்து, "நான் கேக்கணும்னு வரல தாயீ, அக்கா கூப்பிட்டாவ, வந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பேரைச் சொல்லு" என்றேன்.

அவள் தன் புருஷன் பெயரைச் சொன்னாள்.

"பணம் யாரு குடுத்தா?"

"நான்தான். பூ வித்த காசு."

"அப்ப உன் பேரைச் சொல்லு."

ரசீது எழுதுவதில் ஒரு சிக்கல் இருந்தது. கையெழுத்துப் போட ஆள் இல்லை. பழைய தேதி போட்டு அவர் கையெழுத்தையே போட்டுவிடலாம் என்று கொழுந்தனார் சொன்னார். அண்ணன் கையெழுத்து அவருக்கு வரும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தலைவரிடம் கேட்டு அனுப்பினோம். அவர் கமிட்டியைக் கூட்டி, அடுத்த ஆள் வரும்வரை பொருளாளர் வேலையைத் தானே பார்ப்பதாகத் தீர்மானம் எழுதினார். அதன்படி புத்தகத்தில் அடுத்த எண்ணிலிருந்து, அன்றைய தேதி போட்டு, 'காலஞ்சென்ற பொருளாளர் வசம் கொடையன்று செலுத்தியது' என்று ஒரு வரி சேர்த்து எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட்டார். 'காலஞ்சென்ற' என்று முதல் ரசீதில் எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. மற்றவற்றில் நிற்கவில்லை.

எதிர்வீட்டு அக்காவின் ஐந்தோடு சேர்த்து மொத்தம் பதினோரு ரூபாய்க்கு ஆள் வந்தது. முப்பத்தொன்று அப்படியே இருந்தது.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம். கொழுந்தனார் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். வாசலில் ஒரு குரல்.

"அண்ணாச்சி இருக்காவளா?"

எனக்குப் பழக்கமில்லாத குரல். கொழுந்தனார் சாப்பிடக் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் யோசிக்காமல் நடைக்கு வந்துவிட்டேன். வாசலில் கறுத்து ஒடுங்கிய ஒரு மனிதர் நின்றார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. உப்புக்காற்றில் கண்ணோரமெல்லாம் சுருங்கியிருந்தது. கொழும்புக்குப் போய்வருகிற ஒரு தோணியின் தண்டல் அவர். தோணியை ஓட்டிச் செல்கிற தலைவனை எங்கள் ஊரில் தண்டல் என்பார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். என் சேலையைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். வாசற்படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்தார்.

"அவங்க இல்லை. கொடை முடிஞ்ச வெள்ளிக்கிழமை இறந்துட்டாங்க" என்றேன்.

அதுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோரும் தெரிந்துகொண்டுதான் என்னிடம் வந்தார்கள். அன்றுதான் என் வாயால் முதன்முதலில் சொன்னேன். மழை பெய்தது என்று சொல்வதுபோல வந்தது.

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கொழுந்தனார் வந்து அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"நான் கொடையன்னிக்கு, செவ்வாக்கிழமை சாயந்தரம் தோணி ஏறுனவன் தாயீ. நேத்துத்தான் வந்து நங்கூரம் போட்டோம். தெரியாமப் போச்சு. நான் போறேன்."

"எதுக்கு வந்திய? சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. இருக்கட்டும்."

"பணம் குடுத்திருந்தியளா?"

அவர் கொழுந்தனாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். போன மாசியில் அவர்கள் தோணி மன்னார் பக்கம் காற்றில் மாட்டிக்கொண்டது. பாய்மரம் முறிந்து ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தார்கள். தோணியில் இருந்தவர்கள் பாதிப்பேர் கோயிலுக்குப் போகிறவர்கள், பாதிப்பேர் மாதாவிடம் போகிறவர்கள். ஒவ்வொருவனும் தனக்குத் தெரிந்த தெய்வத்தைக் கூப்பிட்டான். எங்கள் தெருப் பையன் ஒருவன் எங்கள் அம்மனைக் கூப்பிட்டு, பிழைத்துப் போனால் எல்லோரும் சேர்ந்து கொடைக்குப் பணம் தருவோம் என்று நேர்ந்துகொண்டான். மாதாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, அம்மனுக்கும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து முப்பது ரூபாய் தண்டலிடம் கொடுத்திருக்கிறார்கள். தோணி புறப்படுகிற நேரத்தில் துறைமுகப் பாலத்தடியில் என் வீட்டுக்காரரைக் கண்டு அதைக் கொடுத்திருக்கிறார்.

"ரசீது புத்தகம் கையில இல்லைன்னாவ. ஒரு துண்டுக் காயிதத்துல எழுதித் தாரேன்னாவ. நான்தான் வேண்டாம், உங்க சொல்லு போதும்ன்னேன். அதுக்குச் சிரிச்சாவ. 'சொல்லு எதுக்குவே? திரும்பி வாரும், எங்க வீட்டுல அவ எழுதுன ரசீது தாரேன். அச்சடிச்ச மாதிரி இருக்கும்'ன்னாவ."

கொழுந்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் நடைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வார்த்தை என்னிடம் வந்து சேர்ந்தது. ஆனால் உள்ளே எங்கேயும் போய்த் தைக்கவில்லை. முப்பது என்ற எண்தான் முதலில் நின்றது.

"ரசீது எழுதித் தாரேன். உட்காருங்க."

"வேண்டாம் தாயீ. இந்த நெலைமையில உங்களை..."

"உங்க ஆளுக கேப்பாங்கல்லா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கேக்கத்தான் செய்யானுவ. அவனுவ காசும் இருக்கே. காட்டலைன்னா நான் குடிச்சிட்டேன்னு நெனச்சிருவானுவ. அதான் வந்தேன்."

அத்தனை நாளில் என்னிடம் உள்ளதை உள்ளபடி கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் என்னைத் தொட்டால் உடைந்துபோகிற சாமான்போல நடத்தினார்கள். நான் புத்தகத்தைக் கொண்டுவந்து உட்கார்ந்து எழுதினேன். பெயரைக் கேட்டேன். அப்போது அவருக்கு இன்னொரு தயக்கம் வந்தது.

"ரசீதுல எம் பேரைப் போடுங்க. பயலுவளுக்குக் காட்டணும். ஆனா தெருத்தெருவா நோட்டீஸ் குடுப்பியளாம்லா, அதுல வேண்டாம். எங்க பங்குச் சாமியார் கண்ணுல பட்டா என்னைப் பூசைக்கே விட மாட்டாவ."

கொழுந்தனார், "அப்ப பேரு சொல்ல விரும்பாத அன்பர்ன்னு போட்டுருவோம்" என்றார்.

தண்டலுக்கு அது பிடிக்கவில்லை. "நான் ஒருத்தன் குடுக்கலையே. எல்லாரும் சேர்ந்துலா குடுத்தோம்."

யோசித்தோம். தோணி பெயரைப் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். கடைசியில் அடிக்கட்டையிலும் ரசீதிலும் அவர் பெயரும் 'மற்றும் தோணிக்காரர்கள்' என்றும் எழுதுவது, அச்சுப் பட்டியலில் 'கடலோடிகள் சிலர், ரூபாய் முப்பது' என்று மட்டும் போடுவது என்று முடிவாயிற்று. அவர் அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கொழுந்தனார் கடைக்குப் போய்த் தலைவரின் கையெழுத்தை வாங்கி வந்தார். தண்டல் ரசீதை வாங்கி, ஈரம் படாமல் இருக்கத் தலைப்பாகையின் உள்மடிப்பில் வைத்துக்கொண்டார். எழுத்தை அவர் படிக்கவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மடிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சொன்னாப்புலதான் இருக்கு" என்றார்.

அவர் போன பிறகு கொழுந்தனார் சாப்பிடாமலே வேலைக்குப் போய்விட்டார். நான் அவர் தட்டில் போட்டு வைத்திருந்த சோற்றில் சட்டியிலிருந்த மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து தின்றேன். பசித்தது. என் வீட்டுக்காரர் போனதற்குப் பிறகு எனக்குப் பசித்தது அன்றுதான். பசிக்கிறதே என்று ஒரு வெட்கமும் வந்தது. அந்த இரண்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கடைசியில் ஒரு ரூபாய்க்கு ஆளே கிடைக்கவில்லை. கொழுந்தனார் தன் பெயரில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். பொய்க்கணக்கு வேண்டாம் என்றேன். 'கொடுத்தவர் தெரியாத வரவு, ரூபாய் ஒன்று' என்று தனியாக ஒரு வரி எழுதினேன். பாத்திரக்கடைக்காரர் கமிட்டிக் கூட்டத்தில் கணக்கைப் பார்த்தபோது அந்த வரியில்தான் விரலை வைத்தாராம். பிறகு "சரியா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். என் வீட்டுக்காரரைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. நல்லதாகவும் சொல்லவில்லை.

அச்சுக்கூடத்தில் காகிதம் கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்தாலும் காகிதத்துக்குக் கட்டுப்பாடு நீங்கவில்லை. ஒரு முழுத்தாளில் அடிக்க வேண்டியதை அரைத்தாளில், இரண்டு பக்கமும், பொடி எழுத்தில் அடித்துக் கொடுத்தார்கள். மேலே வரவு, பெயர் பெயராக. பின்பக்கம் செலவு. அடியில் இருப்பு தொண்ணூற்றேழு நாலணா, தலைவர் வசம். அதற்குக் கீழே, கணக்கைச் சரிபார்த்தவர்கள் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் கீழே, 'பொருளாளராயிருந்து காலஞ்சென்ற' என்று தொடங்கி அவர் பெயர். என் பெயர் எங்கும் இல்லை. இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

நோட்டீஸோடு ஒரு பொட்டலம் திருநீறும் வைத்துக் கொழுந்தனார் வீடு வீடாகக் கொடுத்தார். மறுநாள் மத்தியானம் கொல்லை வழியாக மறுபடியும் பெண்கள் வந்தார்கள். வாசித்துக் காட்டச் சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா தன் புருஷன் பெயரைக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்றும் கேட்டாள். வண்டிக்காரர் சம்சாரம், "எங்களதுக்கு அடுத்தாப்புல யாரு பேரு?" என்றாள். நான் எல்லாம் வாசித்தேன்.

பூக்காரி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்ததும் அவள் பெயரை வாசித்தேன்.

"எது?" என்றாள்.

நான் விரலை வைத்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவு நீளமா எம் பேரு?"

அச்சில் பெயரோடு இரண்டு ரூபாயும் புள்ளிக்கோடும் சேர்ந்திருந்ததால் அவளுக்கு அப்படித் தெரிந்தது. இதுவரை பெயர், அதற்கப்புறம் புள்ளி, அதற்கப்புறம் ரூபாய் என்று பிரித்துக் காட்டினேன். "பேரை மட்டும் காட்டுங்க" என்றாள். காட்டினேன். அவள் அந்த இடத்தில் தன் சுட்டுவிரலை வைத்துக்கொண்டு, எடுக்காமல், மற்றவர்கள் பேசுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். கனகாம்பரம் தொடுத்துத் தொடுத்து அவள் விரல்நுனியெல்லாம் ஆரஞ்சு நிறமாகக் கறைபட்டிருந்தது. தாளிலும் கொஞ்சம் ஒட்டியது.

பொழுது சாய்ந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நான் அடுப்புப் பற்றவைத்தேன்.